புதுப்பிப்பு: ஜீன்ஸில் ரத்தமும் கிரீஸும்

“சைக்கிள் செயின் மாட்டும்போது விரல் கிழிந்து, ஜீன்ஸில் ரத்தமும் கிரீஸும் ஒரே இடத்தில். எதை முதலில் எடுப்பது?” என்று இங்கே கேட்டிருந்தேன்.

ரத்தம் முழுதாகப் போய்விட்டது. கிரீஸ் ஓரத்தில் லேசாக நிற்கிறது. வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னவர் கிரீஸைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் சூட்டில் ரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிவிடும் என்று இன்னொருவர் தடுத்தார், நல்லவேளை. அவர் சொன்னபடி துணியின் உட்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை விட்டு, அப்புறம் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் உள்ள சலவைத்தூளில் 1 மணி நேரம் ஊறவைத்தேன். நிழலில் உலர்த்திய பிறகு, காய்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்தேன். ஈரத்தில் தேய்த்தால் அது நீர்த்துப்போகும். 15 நிமிடம் கழித்து அலசினேன்.

பட்டுச் சட்டைக்கும் இதே முறை ஆகுமா என்று கேட்டவருக்கு: என்சைம் வேண்டாம், பட்டும் புரதம்தான், அதையும் அரிக்கும்.

மிச்சக் கறை போகும்வரை இஸ்திரி போடப் போவதில்லை.