நாலாவது பாட்டில்

குழு: மேலத்தெரு உறவுகள்

செல்வி (இரவு 9:12): மனசு சரியில்ல. பேரு ஊரு கேக்காதீங்க. நம்ம மெடிக்கல் கடைக்கு ஒருத்தர், பழகினா போதையாயிடுற கோடீன் இருமல் மருந்து கேட்டு இன்னிக்கும் வந்தாரு. ரிஜிஸ்டரைப் புரட்டினா ஆறு நாள்ல மூணு பாட்டில் போயிருக்கு. முதல்ல நான் குடுத்தேன். மீதி ரெண்டு சாயங்கால ஷிஃப்ட்டுப் பையன்.

முருகேசன் மாமா: அது தடை பண்ணின சரக்காச்சேம்மா?

செல்வி: எல்லாத்துக்கும் தடை இல்ல மாமா. டாக்டர் சீட்டு வேணும். எச்1 மருந்துங்கறதால வாங்கினவர் பேரு, டாக்டர் பேரு, அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வைக்கணும்.

கார்த்தி: எழுதியாச்சுல்ல அக்கா? அப்புறம் என்ன? உங்க மேல தப்பு வராது.

செல்வி: எழுதிட்டா ஆச்சாடா? சீட்டுல 5 மில்லி, மூணு வேளை, அஞ்சு நாள்னு இருக்கு. அதுக்கு 75 மில்லி போதும், ஒரே பாட்டில் முடிஞ்சிருக்கணும். இவர் ஆறு நாள்ல 300 மில்லி குடிச்சிருக்காரு. 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் கோடீன். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் உள்ள போகுது.

செல்வி: அதோட, நின்ன நேரம் பூரா ஒரு தடவை கூட இருமல. கொட்டாவி விடுறாரு, மூக்கு ஒழுகுது, கை வேர்க்குது. பழகின மருந்தோட வேகம் குறையற நேரத்துல அப்படித்தான் இருக்கும். சளின்னு நெனச்சு ஏமாந்துடலாம்.

முருகேசன் மாமா: வீட்டம்மாகிட்ட சொல்லிடு.

செல்வி: அவர் சம்மதமில்லாம எப்படி மாமா சொல்றது?

கீதா அத்தை: செல்வி, எங்க வீட்லயும் அந்த பாட்டில் பாதி இருக்கு. பேரனுக்கு இருமல், அரை மூடி குடுக்கவா? அஞ்சு வயசு.

செல்வி: ஐயோ வேணாம் அத்தை! 12 வயசுக்குள்ள குடுக்கவே கூடாது. சில உடம்புல அது வேகமா மார்ஃபினா மாறிடும், தூக்கத்துலயே மூச்சு மந்தமாயிடும். காலைல டாக்டர்கிட்ட காட்டுங்க.

கார்த்தி: அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

செல்வி: கவுண்டர்ல கேக்காம ஓரமா கூப்பிட்டேன். "அண்ணே, இருமலுக்கா, இல்ல இது இல்லாட்டி உடம்பு முறுக்குதா?"ன்னேன். ரொம்ப நேரம் தரையையே பாத்தாரு. "லோடு ஓட்டிட்டு வந்தா தூக்கம் பிடிக்கல"ன்னாரு. பாட்டில் தரல. சீட்டு எழுதின டாக்டருக்கு அவர் முன்னாடியே போன் போட்டேன். நாளைக்கே வரச் சொன்னாரு. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல இதுக்கு வைத்தியம் இருக்கு, போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிட்டாலும் சொல்லுவாங்கன்னு எழுதிக் குடுத்தேன்.

கார்த்தி: வேற கடைக்குப் போயிருப்பாரு.

செல்வி: தெரியும். மெடிக்கல் ஷாப் குரூப்ல அவர் பேரைப் போடலாம்னு ஓனர் சொல்றாரு.

முருகேசன் மாமா: போட வேண்டியதுதானே! ரோட்டுல லாரி ஓட்டுற ஆளு.

கார்த்தி: போட்டா நாளைக்கு ஊரே பேசும் மாமா. அப்புறம் டாக்டர்கிட்ட கூடப் போக மாட்டாரு.

செல்வி: ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. இன்னும் போடல. தூக்கம் வந்தா வண்டி எடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கீதா அத்தை: அப்போ இந்தப் பாட்டிலை என்னடி பண்ண?

செல்வி: காலைல கடைக்கு எடுத்துட்டு வாங்க அத்தை. பையன் கையில குடுத்து விடாதீங்க.