உப்பு நாற்றின் வேரில் க்யூபிசிஆர்: 4.9 மடங்கை நம்பலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்க

கொள்ளிடக்கரை:
சி.ஆர். 1009 நாற்று, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் களிமண் நிரப்பின தொட்டி. பாதித் தொட்டிகளுக்கு 150 மில்லிமோலார் உப்புத் தண்ணி, மீதிக்கு வெறும் தண்ணி. 24 மணி நேரம் கழிச்சு வேர் எடுத்தது. பக்கத்துக்கு மூணு தொட்டி. எல்லாத்துலயும் 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏ போட்டு 20 மைக்ரோலிட்டர் சிடிஎன்ஏ, அதை அஞ்சு மடங்கு நீர்த்து சைபர் கிரீன்ல ஓட்டினது. பார்க்கிற ஜீன் என்எச்எக்ஸ்1, ஒப்பீட்டுக்கு ஆக்டின்.

சாதாத் தொட்டியில என்எச்எக்ஸ்1 26.4, 26.1, 26.6, ஆக்டின் 19.2, 19.0, 19.3. உப்புத் தொட்டியில என்எச்எக்ஸ்1 25.3, 25.0, 25.5, ஆக்டின் 20.4, 20.2, 20.5.

```
ΔCt (சாதா) = 7.2, 7.1, 7.3   சராசரி 7.2
ΔCt (உப்பு) = 4.9, 4.8, 5.0   சராசரி 4.9
ΔΔCt = 4.9 − 7.2 = −2.3
2^2.3 = 4.9
```

ரெப்ளிகேட் எல்லாம் ஒட்டி வந்திருக்கு, மெல்ட் கர்வ்ல ஒரே முகடுதான். இப்படியே எழுதிடலாமா?

இறால்குளம்:
எங்க பக்கம் வெண்புள்ளி வைரஸ் டெஸ்ட்ல 35-க்கு மேல சிடி வந்தாத்தான் சந்தேகப்பட்டுத் திரும்ப ஓட்டுவோம். உங்களுக்கு எல்லாமே 27-க்குக் கீழ. தெளிவான பாசிட்டிவ், கவலையே வேண்டாம்.

வெண்ணாறு:
இறால்குளம், அவங்க கேக்கறது இருக்கா இல்லையான்னு இல்ல, எத்தனை மடங்குன்னு. அங்க அரை சைக்கிள் தப்பினாலே விடை நாற்பது சதவீதம் மாறிடும்.

கொள்ளிடக்கரை, கணக்குல பிழை இல்ல. ஆனா கழிக்கிறதுக்கு முன்னாடி பச்சை சிடியைப் பாருங்க. என்எச்எக்ஸ்1 கீழ இறங்கினது 1.1 சைக்கிள். ஆக்டின் மேல ஏறினது 1.2. அந்த 2.3-ல பாதிக்கு மேல ஆக்டின் தந்தது. ஆர்என்ஏ சம அளவு போட்டிருந்தா ஆக்டின் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்துல நின்னிருக்கணும். மூணு தொட்டியிலயும் ஒரே திசையில நகர்ந்திருக்கறதால இது பிப்பெட் பிசகா தெரியல. ரெப்ளிகேட் ஒட்டி வர்றது இந்த மாதிரித் தப்பைக் காட்டிக் கொடுக்காது.

கர்வை லாக் அச்சுக்கு மாத்திப் பாருங்க. நேரா ஏறுற பகுதியில எல்லாக் கோடும் ஒன்றுக்கொன்று இணையாப் போகுதா? கண்ணுக்குத் தெரியலேன்னா த்ரெஷோல்டை 0.2-லிருந்து 0.4-க்கு ஏத்துங்க. டிஎன்ஏ ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரட்டிக்குதுன்னா சிடி சரியா 1 நகரணும். ஒரு வெல்லுல அதைவிட அதிகமா நகர்ந்தா அந்த வெல்லுல ரியாக்‌ஷன் திணறுது. பாத்துட்டு த்ரெஷோல்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அந்த ஜீனோட எல்லாப் பிளேட்டுக்கும் அதையே வைங்க.

நெல்மணி:
ஆக்டின் உப்புல ஆடும், அது தெரிஞ்ச விஷயம்தானே. 18எஸ் போடுங்க மேடம். ரைபோசோம் ஆர்என்ஏ எதுக்கும் அசையாது, பிரச்சினை முடிஞ்சது.

வெண்ணாறு:
தம்பி, ஒரே ஒப்பீட்டு ஜீனை நம்பக் கூடாதுங்கறது சரி. 18எஸ் இங்க வசதிப்படாது. அதுல பாலி-ஏ வால் இல்ல, ஒலிகோ-டிடி பிரைமரால செஞ்ச சிடிஎன்ஏல நம்பற மாதிரி வராது. ரேண்டம் ஹெக்ஸாமர் வேணும். வந்தாலும் சிடி 8, 9-ல நிக்கும். மெஷின்ல பேஸ்லைன் 3 முதல் 15-வது சைக்கிள் வரைன்னு வச்சிருந்தா, கர்வ் ஏற ஆரம்பிச்ச பகுதியையே பின்னணின்னு எண்ணிக் கழிச்சுடும். கோடு பூஜ்யத்துக்குக் கீழ முங்கி எழுந்தா அதுதான் காரணம். 26-ல இருக்கற ஜீனுக்கு 9-ல இருக்கற ஜீன் துணை ஆகாது. நெல்லுக்கு யுபிக்யூ5, ஈஎஃப்-1ஆல்ஃபா ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்க.

கொள்ளிடக்கரை:
சார், த்ரெஷோல்ட் மாத்திப் பார்த்தாச்சு. என்எச்எக்ஸ்1 ரெண்டு பக்கமும் 1.0, சாதா ஆக்டின் 1.0. உப்பு ஆக்டின் மட்டும் 1.2! லாக் அச்சுல அந்த மூணு கோடும் லேசாப் படுத்துதான் இருக்கு.

யுபிக்யூ5-உம் ஓட்டினேன். சாதா 21.5, 21.3, 21.7, உப்பு 21.6, 21.4, 21.7. இதை வச்சா டெல்டா டெல்டா சிடி மைனஸ் 1.17, அதாவது 2.2 மடங்கு. ஒரே சிடிஎன்ஏ, ஒரே என்எச்எக்ஸ்1. ஒப்பீட்டு ஜீனை மாத்தினதும் 4.9 எப்படி 2.2 ஆச்சு?

மண்வாசம்:
களிமண் வேர்னு சொன்னீங்களே, அங்கதான் சந்தேகம். ஹியூமிக் அமிலம் ஆர்என்ஏ கூடவே வந்துடும். 260/280 நல்லா 2.0 காட்டும், 260/230-தான் ஒண்ணுக்குக் கீழ விழும். பாலிமரேஸையும் தடுக்கும், சைபர் கிரீன் ஒளியையும் மங்க வைக்கும். உப்பு பட்ட வேர்ல களி கூடுதலா ஒட்டிட்டு வந்திருக்கலாம். அதுக்காக ரொம்ப நேரம் அலசவும் முடியாது, அலசற நேரத்துலயே ஜீன் மாறிடும். தொட்டித் தண்ணி எதுவோ அதே உப்புக் கரைசல்ல சட்டுனு முக்கி எடுத்து நைட்ரஜன்ல போடறதுதான் வழி.

சிடிஎன்ஏவை இன்னும் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்க. சிடி 3.3 ஏறணும். குறைச்சலா ஏறினா, நீர்த்ததுல தடை விலகியிருக்குன்னு அர்த்தம். ஆக்டின் பிரைமர் எவ்வளவு நீளத் துண்டு எடுக்குது?

கொள்ளிடக்கரை:
ஆக்டின் 210 பேஸ், யுபிக்யூ5 100-க்குப் பக்கம். 260/230 உப்புல 0.9, சாதாவுல 1.8. முதல் தொட்டி ஜோடியை மட்டும் நீர்த்து ஓட்டினேன். சாதா ஆக்டின் 19.2 போய் 22.5. உப்பு ஆக்டின் 20.4 போய் 23.0, அதாவது 2.6-தான் ஏறிச்சு. என்எச்எக்ஸ்1 29.7, 28.6, ரெண்டுலயும் 3.3. யுபிக்யூ5-உம் 3.3.

வெண்ணாறு:
நீளமான துண்டு முதல்ல அடி வாங்கியிருக்கு. நீர்த்த எண்களை வச்சுக் கணக்குப் போட்டா டெல்டா சிடி சாதா 7.2, உப்பு 5.6. வித்தியாசம் 1.6, மூணு மடங்கு. தடை கொஞ்சம் விலகினதுமே 4.9 இவ்வளவு இறங்கிடுச்சு.

ஆனாலும் ஆக்டின்ல 0.5 சைக்கிள் மிச்சம் இருக்கு. அது மிச்சமிருக்கற தடையா, உப்புல ஆக்டின் நிஜமாவே குறைஞ்சதா, இந்த எண்களால சொல்ல முடியாது.

நெல்மணி:
அப்ப யுபிக்யூ5 சொன்ன 2.2 தானே சரி? அது அசையவே இல்லியே.

வெண்ணாறு:
அசையாத மாதிரி தெரியுது. உப்பு சிடிஎன்ஏ மொத்தமா குறைச்சலா உருவாகி, யுபிக்யூ5 அதே அளவு கூடியிருந்தாலும் சிடி இப்படியேதான் நிக்கும். ரெண்டு ஜீனை வச்சு யார் நகர்ந்தாங்கன்னு தீர்ப்புச் சொல்ல முடியாது, மூணாவது வேணும். ஈஎஃப்-1ஆல்ஃபா யுபிக்யூ5 கூடவே நின்னா ரெண்டோட சிடி சராசரியை எடுத்துக் கழிக்கலாம்.

மண்வாசம்:
என் யோசனை வேற. ஆர்என்ஏவையே லித்தியம் குளோரைடுல திரும்பப் படிய வச்சு 70 சதவீத எத்தனால்ல கழுவி, சிடிஎன்ஏவை முதல்லேர்ந்து செய்யணும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் படியிலயே தடை இருந்தா அப்புறம் எவ்வளவு நீர்த்தாலும் பயன் இல்ல.

வெண்ணாறு:
அதுல ஆர்என்ஏ கொஞ்சம் கையை விட்டுப் போகும், நாற்று வேர்ல கிடைக்கறதே கம்மி. மூணாவது ஜீனை முதல்ல ஓட்டிப் பாக்கலாம்னுதான் நான் சொல்வேன்.

இறால்குளம்:
சரி, பாசிட்டிவ் பேச்சை விட்டுடறேன். ஒண்ணு மட்டும்: ஆர்டி என்சைம் போடாத வெல் வச்சீங்களா? ஜீனோம் டிஎன்ஏ ரெண்டு பக்கமும் ஒரே அளவு கலந்திருந்தா மடங்கு குறைஞ்சு தெரியும்.

கொள்ளிடக்கரை:
வச்சிருக்கேன் அண்ணா. என்எச்எக்ஸ்1 35.8, அதாவது ஒன்பது சைக்கிளுக்கு மேல தள்ளி. ஈஎஃப்-1ஆல்ஃபா பிரைமர் வந்ததும் நீர்த்த சிடிஎன்ஏலயே ஆறு தொட்டியும் ஓட்டி எண்களை இங்க போடறேன். ஆக்டினுக்கும் 100 பேஸ் துண்டு எடுக்கற பிரைமர் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.