படிப்படியாக உயரும் தவணைக் கடன்: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கடன் 30 லட்சம், வட்டி 9%, காலம் 20 ஆண்டு. சாதாரணத் தவணை மாதம் சுமார் 26,990. படித் தவணைத் திட்டத்தில் முதல் 3 ஆண்டுக்கு 20,000 மட்டும்.

சிக்கல் இங்கேதான்: முதல் மாத வட்டியே 22,500. கட்டாத 2,500 அசலில் ஏறினால், 3 ஆண்டு முடிவில் பாக்கி சுமார் 31.03 லட்சம் ஆகிவிடும். பிறகு தவணை சுமார் 29,750. மொத்தத்தில் ஏறத்தாழ 3.1 லட்சம் கூடுதல். சம்பளம் உயரவில்லை என்றாலும் தவணை உயரும்!

இத்தகைய ஒப்பந்தங்களைப் படித்தவர்கள் சொல்லுங்கள்: கட்டாத வட்டி அசலில் சேருமா என்பது எந்தப் பிரிவில் இருக்கும்? மாதவாரி அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே தருவார்களா? முதல் 3 ஆண்டில் கட்டணமின்றி அந்த 2,500-ஐக் கூடுதலாகக் கட்ட விடுவார்களா?