சார்ஜர் சொருகினால் உர்ர்ர்: எர்த் பின்னைக் கழற்றலாமா?

வீட்டு_மெட்டு: லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருந்தால் ரெக்கார்டிங்கில் உர்ர்ர் என்று ஒரு சத்தம் பதிவாகிறது. சார்ஜரைக் கழற்றினால் போய்விடுகிறது. மிக்ஸரிலிருந்து மோனோ ஜாக் கேபிளில் இன்டர்ஃபேஸுக்கு வருகிறேன். கடையில் சொன்னார்கள் என்று புது சார்ஜரும் வாங்கிவிட்டேன், அதிலும் அதே சத்தம். என்ன செய்யலாம்?

ஸ்டேஜ்_சேகர்: இதற்குப் போய் புது சார்ஜரா தம்பி? மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். அதைப் போடு. எர்த் கட், சத்தமும் கட். 22 வருடமாக மேடையில் இதைத்தான் செய்கிறேன்.

ஈயப்பற்று: வந்துவிட்டாரா? போன மாதம் ஸ்பீக்கர் ஒயரில் தங்க முலாம் பூசச் சொன்னவரும் இவர்தான். தம்பி, அந்தக் கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள்.

உங்கள் சார்ஜர் கெட்டுப்போகவில்லை, பழையதும் சரி, புதியதும் சரி. லேப்டாப் சார்ஜர் வழியாக எர்த்துக்குப் போகிறது, மிக்ஸர் தன் பிளக் வழியாக இன்னொரு வழியில் போகிறது. இரண்டையும் யூஎஸ்பி கேபிளும் உங்கள் மோனோ ஜாக்கும் சேர்த்து ஒரு வளையமாக்குகின்றன. அந்த வளையத்தில் ஓடும் மின்சாரம் ஜாக் கேபிளின் ஷீல்டு வழியாகப் போகிறது. மோனோ கேபிளில் அதே ஷீல்டுதான் பாட்டுக்கும் திரும்பும் வழி. அதனால் ஷீல்டில் விழும் வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்து உள்ளே வருகிறது. சார்ஜரைக் கழற்றினால் வளையம் அறுகிறது. அவ்வளவுதான் நடந்தது.

முதலில் ஒன்று செய்யுங்கள். சார்ஜர் சொருகியே இருக்கட்டும். மிக்ஸர் கேபிளை இன்டர்ஃபேஸ் பக்கம் உருவிவிட்டு, கெயினைத் தொடாமல் பத்து நொடி பதிவு செய்யுங்கள். பிறகு கேபிளைப் போட்டு, மிக்ஸரின் ஃபேடர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, இன்னொரு பத்து நொடி. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்டேஜ்_சேகர்: இவ்வளவு நீளமாக எழுதியும் கடைசியில் என்ன சொல்கிறார்? வளையம் அறுந்தால் சத்தம் போகும். எர்த் பின்னைக் கழற்றினாலும் வளையம் அறுகிறது. நான் ஒரு வரியில் சொன்னது அதுதானே!

கிடார்_கிறுக்கன்: எனக்கும் இதே பிரச்சினை அண்ணே. ஆனால் கிடார் கம்பியில் கை வைத்தால் சத்தம் அடங்குகிறது, எடுத்தால் வருகிறது. நானும் கன்வெர்ட்டர் போடலாமா?

ஈயப்பற்று: கிறுக்கன், உங்களுடையது வேறு வியாதி. கிடாரின் பிக்கப் சுருள் காற்றில் இருக்கும் இரைச்சலைப் பிடிக்கிறது, கம்பியைத் தொட்டால் உங்கள் உடம்பு எர்த்தோடு சேர்ந்து அதற்குத் தடுப்பாகிறது. மானிட்டரையும் டிம்மர் போட்ட விளக்கையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, கிடாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் குறையும். நீங்களும் கன்வெர்ட்டர் போடக் கூடாது.

சேகர் சார், உங்களுக்கு. எர்த் பின்னைக் கழற்றினால் வளையம் அறுகிறது என்பது பாதி உண்மை. சார்ஜருக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சின்ன கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த்தைப் பிடுங்கினால் அவை சேரும் புள்ளி 230 வோல்ட்டில் பாதிக்கு ஏறி மிதக்கும். லேப்டாப்பின் உலோக உடம்பும் அதோடு மிதக்கும். ஒரு டெஸ்டரை லேப்டாப்பின் திருகில் வைத்துப் பாருங்கள், மங்கலாக எரியும். அந்தக் கசிவுக்கு எர்த்துக்குப் போக வேறு வழி வேண்டுமே? யூஎஸ்பி, இன்டர்ஃபேஸ், அதே மோனோ ஜாக், மிக்ஸர், மிக்ஸரின் எர்த். எந்தக் கேபிளைக் காப்பாற்றப் பின்னைப் பிடுங்கினீர்களோ, அதே கேபிள்தான். தடித்த உர்ர்ர் போய் மெல்லிய சர்ர்ர் வரும். பிறந்ததிலிருந்தே இரண்டு பின் உள்ள சார்ஜர்களிலும் இதே சர்ர்ர் கேட்பது இதனால்தான்.

ஸ்டேஜ்_சேகர்: என் மேடையில் போனதா இல்லையா? போனது. கப்பாசிட்டர் கதையெல்லாம் மேடையில் பாடாது.

ஆர்மோனியம்_அக்கா: சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். நானும் மிக்ஸரிலிருந்துதான் எடுத்தேன். பேலன்ஸ்டு கேபிள் போடு என்று ஒருவர் சொன்னார். ஸ்டீரியோ ஜாக் கேபிள் வாங்கி ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸில் போட்டேன். சத்தம் போனது, கூடவே என் குரலும் போய்விட்டது! சுருதிப் பெட்டி மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது.

ஈயப்பற்று: அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஹெட்போன் துளையில் இடது ஒரு முனை, வலது ஒரு முனை. இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு துளை ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். உங்கள் குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிட்டது. சுருதிப் பெட்டி ஸ்டீரியோவாகப் போகிறதுபோல, அதனால் மிச்சம் இருக்கிறது. கேபிள் சரி, துளைதான் தவறு. மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து எடுங்கள். அது பேலன்ஸ்டா என்று மேனுவலில் பாருங்கள், விலை குறைந்த மிக்ஸர்களில் பெரும்பாலும் இருக்காது.

வீட்டு_மெட்டு: சோதனை செய்தேன் சார். கேபிளை உருவியபோது மீட்டர் மைனஸ் 84-ல் நின்றது. ஃபேடர் எல்லாம் கீழே இருக்க, கேபிளைச் சொருகியதும் மைனஸ் 46. அலைவரிசை படத்தில் 50, 100, 150 என்று சீப்புப் பல் மாதிரி நிற்கிறது. சேகர் அண்ணன் சொன்ன கன்வெர்ட்டரையும் போட்டுப் பார்த்தேன் (திட்டாதீர்கள்). மைனஸ் 58-க்கு இறங்கியது, ஆனால் போகவில்லை. லேப்டாப்பில் கை வைத்தால் சுறுசுறு என்கிறது.

ஸ்டேஜ்_சேகர்: பார்த்தீர்களா! 46-லிருந்து 58. ஒரு கன்வெர்ட்டரில் 12 டெசிபல். ஈயப்பற்று இன்னும் கேபிள் விற்றுக்கொண்டிருக்கிறார்.

ஈயப்பற்று: 12 டெசிபலுக்கு லேப்டாப்பில் ஷாக். நல்ல வியாபாரம். சேகர் சார், அவர் எழுதிய கடைசி வரியைப் படித்தீர்களா, இல்லை எண்ணை மட்டும் படித்தீர்களா?

அந்தச் சுறுசுறு கசிவு மட்டும்தான், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருநாள் சார்ஜருக்குள் இன்சுலேஷன் போய் லைன் உடம்பில் பட்டால் என்ன ஆகும்? எர்த் வயர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் ஜாக் கேபிளின் ஷீல்டு செய்ய வேண்டும், தலைமுடி மாதிரி ஒரு பின்னல். யாராவது அந்த ஜாக்கை உருவினால் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் பாடகர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் லேப்டாப்புமாக நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டேஜ்_சேகர்: அப்படியானால் டிஐ பாக்ஸில் கம்பெனிக்காரனே கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் ஏன் வைத்தான்? அவனும் கொலைகாரனா?

ஈயப்பற்று: அந்தச் சுவிட்ச் துண்டிப்பது சிக்னல் கேபிளின் ஷீல்டை. சுவர் பிளக்கின் எர்த்தை அல்ல. இதை நான்காவது முறையாக எழுதுகிறேன், இரண்டு முறை பழைய இழையில், அங்கேயும் நீங்கள்தான்.

ஸ்டேஜ்_சேகர்: கிரவுண்ட் என்றால் கிரவுண்ட். 22 வருடம்.

பழைய_ரேடியோ: நான் யூஎஸ்பி ஐசோலேட்டர் ஒன்று வாங்கினேன், ADuM4160 சிப் போட்டது. சத்தம் சுத்தமாகப் போனது, ஏனென்றால் இன்டர்ஃபேஸே லேப்டாப்பில் தெரியவில்லை. அந்தச் சிப் 12 மெகாபிட் வேகம் வரைதான் என்று பிறகுதான் படித்தேன். வாங்குவதற்கு முன் இன்டர்ஃபேஸ் என்ன வேகம் கேட்கிறது என்று பாருங்கள். அதுசரி, வீட்டு எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினீர்களா? எங்கள் காலத்தில் அதைத்தான் முதலில் பார்ப்போம்.

ஈயப்பற்று: ஐயா, குழியைக் கவனிப்பது நல்லதுதான், உயிருக்கு. இந்தச் சத்தத்துக்கு அது மருந்தில்லை. இரண்டு கருவிகளும் ஒரே வீட்டு எர்த்தில்தானே இருக்கின்றன, குழி எப்படி இருந்தாலும் வளையம் வளையம்தான்.

பழைய_ரேடியோ: எர்த் சரியில்லாத வீட்டில் நீங்கள் என்ன செய்தாலும் வீண். 1970-களில் வால்வு ஆம்ப் கட்டியவன் சொல்கிறேன்.

வீட்டு_மெட்டு: கன்வெர்ட்டரை எடுத்துவிட்டேன். லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டேன், மைனஸ் 46-லிருந்து 53 ஆனது. நேற்று ஒரு குழப்பம். சார்ஜரே இல்லாமல், பேட்டரியில் ஓடும்போதும் உர்ர்ர் வந்தது!

ஸ்டேஜ்_சேகர்: சார்ஜரே இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. வளையம் எங்கே போனது ஈயப்பற்று?

ஈயப்பற்று: லேப்டாப்பில் வேறு என்ன சொருகியிருந்தது என்று கேளுங்கள், வளையம் தானாக வெளியே வரும்.

வீட்டு_மெட்டு: ஹெச்டிஎம்ஐ கேபிளில் பெரிய மானிட்டர். மானிட்டரின் பிளக் மூன்று பின். கேபிளை உருவினேன், சத்தம் நின்றது.

ஈயப்பற்று: நன்றி. எர்த்துக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான். பேட்டரி சோதனை செய்யும்போது லேப்டாப்பிலிருந்து எல்லா ஒயரையும் உருவிவிட்டு இன்டர்ஃபேஸ் ஒன்றை மட்டும் விட வேண்டும். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இப்போது மிக்ஸரின் மெயின் அவுட் பேலன்ஸ்டு என்றால் ஸ்டீரியோ ஜாக் கேபிள் போடுங்கள். அதில் பாட்டு திரும்ப ஷீல்டு வேண்டாம், தனி ஒயர் இருக்கிறது. இல்லையென்றால் நடுவில் ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசோலேட்டர் பெட்டி. ரொம்ப மலிவானது வாங்கினால் மிருதங்கத்தின் அடி நாதம் மெலிந்துவிடும்.

ஸ்டேஜ்_சேகர்: “சொல்லவில்லை” என்று அவரே ஒப்புக்கொண்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு_மெட்டு: மெயின் அவுட் பேலன்ஸ்டுதான். கேபிள் மாற்றினேன். மானிட்டர், சார்ஜர் எல்லாம் சொருகிய நிலையிலும் மைனஸ் 79. உர்ர்ர் இல்லை. ஆனால் ஹெட்போனை முழுதாக ஏற்றினால் மெல்லிதாகக் கீ… என்று கேட்கிறது. படத்தில் 1000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு குச்சி. மௌஸை நகர்த்தினால் கொஞ்சம் மாறுகிறது.

ஈயப்பற்று: யூஎஸ்பி வினாடிக்கு 1000 முறை துடிப்பு அனுப்பும், அது 5 வோல்ட் வழியாக இன்டர்ஃபேஸுக்குள் வருகிறது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் போட்டுப் பாருங்கள். குறையலாம்.

பழைய_ரேடியோ: அந்த அடாப்டர் இன்னொரு சத்தம் கொண்டுவரும். குழியைப் பாருங்கள்.

ஆர்மோனியம்_அக்கா: மெயின் அவுட்டில் போட்டேன் ஈயப்பற்று தம்பி, குரல் வந்துவிட்டது. இப்போது உர்ர்ர் என்கிறது.

ஸ்டேஜ்_சேகர்: அக்கா, ஒரு கன்வெர்ட்டர் வாங்குங்கள்.