Share செய்தால் போனது வெறும் லிங்க்: ரசீதைப் போனிலேயே பிடிஎஃப் ஆக்கிய அனுபவம்

அரூர் பக்கம்

போன மாதம் தங்கச்சிக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினேன். என் போன் 2 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு. பணம் போனதும் திரையில் ரசீது வந்தது. பெயர், பதிவு எண், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் இருந்தது. டவுன்லோடு பட்டன் மட்டும் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குள் அச்சடித்த தாளைக் கொடுத்தாக வேண்டும்.

குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி, Share கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரசீதே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போனால் அண்ணன் கம்ப்யூட்டரைக் காட்டுகிறார்: "தம்பி, இதுல பாஸ்வேர்டு கேக்குது. ரசீது எங்க?" போனது பக்கத்தின் முகவரி மட்டும்தான். நான் உள்ளே நுழைந்திருந்ததால் எனக்கு ரசீது தெரிந்தது; அவருக்கு வாசல் கதவுதான் தெரிந்தது.

நல்ல வேளை, என் போனில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. மறுபடி Share போனேன். அங்கே ஒரு ஐகான் வரிசை இருக்கிறது. அதைப் பக்கவாட்டில் தள்ளினால் கடைசியில் Print. வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கானது என்று இத்தனை நாள் அதைத் தொட்டதே இல்லை. அழுத்தினேன். மேலே Select a printer என்று வந்தது. அதைத் தொட்டால் Save as PDF. பக்கத்தின் தோற்றம் திரையில் வரப் பத்துப் பதினைந்து நொடி சுற்றியது. வந்ததும் PDF என்று எழுதிய வட்டப் பட்டனை அழுத்தினேன். எங்கே சேமிக்க என்று கேட்டது, Downloads கொடுத்தேன். அங்கேயே பெயரையும் தங்கச்சியின் பதிவு எண்ணாக மாற்றிவிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஊக்கு ஐகானை அழுத்தி Document வழியாக அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் தாள் கையில்.

இது தெரியாமல் எத்தனை பேர் அலைகிறார்களோ என்று மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்

அண்ணா, இதற்கு இவ்வளவு எதற்கு? ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் முடிந்தது. நான் எல்லா ரசீதும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதோடு பிரிண்ட் மெனு வேலை செய்ய வைஃபை வேண்டுமே, வெறும் மொபைல் நெட்டில் வராது.

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ் கடை

தம்பி, ஸ்கிரீன்ஷாட் சில நேரம் போதும், மறுக்கவில்லை. ஆனால் வைஃபை பிரிண்டருக்குத்தான் வேண்டும். Save as PDF-க்கு வேண்டாம். கண் எதிரே இருக்கும் பக்கத்தைப் போனே கோப்பாக ஆக்குகிறது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-லிருந்தே இந்த வசதி உண்டு.

தினமும் கடைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் பேட்டரி, மணி, மேலே இருக்கும் முகவரிப் பட்டை எல்லாம் சேர்ந்து வரும். நீளமான ரசீது மூன்று படமாக உடையும், நடுவில் ஒரு வரி விட்டுப்போகும். விட்டுப்போனது பரிவர்த்தனை எண்ணாக இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி, சின்ன எழுத்து மங்கிவிடும். Print வழியாக வந்த பிடிஎஃப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பெரிதாக்கினாலும் உடையாது, எண்ணைத் தொட்டு நகலெடுக்கவும் முடியும்.

அரூர் தம்பிக்கு இரண்டு விஷயம். ஒன்று, Save as PDF பக்கத்தில் ஒரு கீழ் அம்பு இருக்கும். தொட்டால் Paper size வரும். அங்கே Letter என்று இருந்தால் A4 ஆக்கிவிடுங்கள். இங்கே எல்லாக் கடையிலும் A4 தாள்தான். லெட்டர் தாள் அதைவிடக் கொஞ்சம் அகலம், உயரம் குறைவு. அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்பட்டால் அதே இடத்தில் Orientation-ஐ Landscape ஆக்கிப் பாருங்கள்.

இன்னொன்றுதான் முக்கியம். ரசீது சின்னதாகத் தெரிகிறதே என்று Desktop site-ஐ அழுத்திவிடாதீர்கள். பக்கம் புதிதாக ஏறும். பணம் கட்டிய உடனே வரும் ரசீதுப் பக்கம் சில தளங்களில் இரண்டாவது முறை வராது. போன வாரம் பர்கூரிலிருந்து வந்த ஒரு அம்மா கடை வாசலில் நின்றபடியே அதை அழுத்திவிட்டார். ரசீது போனது போனதுதான். பேங்க் குறுஞ்செய்தியை வைத்துச் சமாளிக்க வேண்டியதாகிவிட்டது. ரசீது வந்ததும் முதல் வேலை Print.

பென்னாகரம் அம்மா

கண்ணுங்களா, என்னிடம் இருப்பது பட்டன் போன். கேஸ் புக் செய்த மெசேஜை பிடிஎஃப் ஆக்கித் தரச்சொல்லி மகன் கேட்கிறான். மெனு முழுக்கத் தேடினேன், Print காணோம். எங்கே இருக்கு?

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ் கடை

அம்மா, சாதாரணப் பட்டன் போனில் அது இருக்காது, தேடிக் கஷ்டப்பட வேண்டாம். அந்த மெசேஜை Forward கொடுத்து மகன் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு வந்தால் அனுப்பியவர் இடத்தில் உங்கள் எண்தான் இருக்கும், கேஸ் கம்பெனியின் பெயர் இருக்காது. விவரம் தெரிந்தால் போதும் என்றால் அது சரி. ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்றால் உங்கள் போன் திரையையே அவர் போட்டோ எடுக்கட்டும், மேலே பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்

குறுஞ்செய்தி பற்றிப் பேச்சு வந்ததால் என் கதை. மண்டியில் பணம் போட்டதாக வந்த மெசேஜைக் கணக்குக்காகச் சேர்த்துவைக்க நினைத்தேன். டச் போன்தான், ஆனால் மெசேஜ் ஆப்பில் Print இல்லை. முதலில் எழுத்தை நகலெடுத்து மெயிலில் ஒட்டி, எனக்கே அனுப்பி, ஜிமெயிலில் அந்த மெயிலின் மூன்று புள்ளியில் Print கொடுத்தேன். பிடிஎஃப் அழகாக வந்தது. ஆனால் கணக்குப் பார்க்கும் மாமா ஏற்கவில்லை: "இதை யார் வேணா தட்டச்சு பண்ணலாமே மாப்ளே." அவர் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது அனுப்புநர் பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன். கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து, மூன்று புள்ளி, Print, Save as PDF. படம்தான், எழுத்தை நகலெடுக்க முடியாது, ஆனால் மாமா ஒத்துக்கொள்கிறார். மாதத்துக்கு ஒன்று என்று பெயர் வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

ஓசூர் நைட் ஷிப்ட்

ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னபடி வைஃபையை அணைத்துவிட்டுச் செய்து பார்த்தேன், வந்துவிட்டது. அப்புறம் டேட்டாவையும் அணைத்தேன், ஏற்கெனவே திறந்திருந்த பக்கம் அப்போதும் பிடிஎஃப் ஆனது. நான் நினைத்திருந்தது தப்பு.

ஊத்தங்கரை

என் போனில் Share வரிசையை முழுக்கத் தள்ளிவிட்டேன், Print என்பதே வரவில்லை. ஜிமெயிலில் அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. விலை குறைந்த போன் என்பதாலா?

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ் கடை

Settings-இல் Apps போய், மூன்று புள்ளியில் Show system கொடுத்து, Print Spooler என்று இருக்கிறதா பாருங்கள், Print வேலையைக் கவனிப்பது அதுதான். Disabled என்றிருந்தால் Enable கொடுங்கள். இடம் காலியாகட்டும் என்று யாராவது நிறுத்தியிருக்கலாம். ஒரு பையன் போனில் இப்படித்தான் சரியானது.

ஊத்தங்கரை

பார்த்தேன் அக்கா. பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. தம்பிக்கும் இதே மாடல்தான், அவன் போனில் இருக்கிறது. நாளைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.