"வேலையில் நீங்கள் விட்ட தவறு என்ன?" என்று கேட்டார்கள்

களுவாஞ்சிகுடித் தம்பி:
அரிசி ஆலை ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. இந்தக் கேள்வியை முதல் தடவை வேறோர் இடத்தில் கேட்டபோது, மழையையும் ஈரப்பதமானியையும் குறை சொல்லி மழுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. இம்முறை நடந்ததை அப்படியே சொன்னேன்.

மாசி மாத அறுவடை நேரம். நாற்பது மூடை நெல் வந்தது. மூடைகளின் வாய்ப்பக்கத்து நெல்லில் மட்டும் ஈரப்பதம் அளந்தேன். 14 சதவீதத்துக்குள் இருந்தது, கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் அடுக்குக்குள் கையை விட்டால் சூடு, புளித்த வாடை. மூடைகளின் நடுவில் ஈர நெல் இருந்திருக்கிறது. அன்றே முதலாளியிடம் போய், "நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றேன். அடுக்கைப் பிரித்துச் சீமெந்துத் தளத்தில் காயவைத்தோம். பதினொரு மூடை மஞ்சளாகிவிட்டது.

அக்கரைப்பற்று அக்கா:
இவ்வளவு பெரிய தவறையா சொல்வது? சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே. "அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் குறை" என்று சொல்லும்படிதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

மருதமுனை வியாபாரி:
எனக்கும் இதே கேள்வி வந்தது. 2004 சுனாமியில் கடை அழிந்ததைச் சொன்னேன். எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற முகாமையாளர், அம்பாறை:
தம்பி வியாபாரி, அது உங்கள் தவறே அல்ல, உங்களுக்கு நேர்ந்த இழப்பு. கேட்பவர்கள் உங்கள் கையால் நடந்ததைத்தான் கேட்கிறார்கள்.

அக்கா சொல்வதிலும் பாதி சரி. காசில் கைவைத்த கதையைச் சொன்னால் யாரும் வேலை தரமாட்டார்கள். ஆனால் நேர்முகக் குழுவில் இருந்தபோது, "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்றவரிடம் நான் அடுத்த கேள்வியே கேட்டதில்லை. களுவாஞ்சிகுடித் தம்பியிடம் நான் இரண்டு கேட்பேன். யார் முதலில் கண்டுபிடித்தது? அடுத்த போகத்தில் எதை மாற்றினீர்கள்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், அவர் வருந்தினார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

களுவாஞ்சிகுடித் தம்பி:
இரண்டாவதைக் கேட்டார்கள், ஐயா. மேல், நடு, அடி மூன்றிலும் இரும்புக் குழலால் குத்தி எடுத்து, மூன்று அளவையும் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்திடுவதாகச் சொன்னேன். அடுத்த போகத்தில் அப்படித்தான் ஒரு லொறி நெல்லைத் திருப்பி அனுப்பினேன். நடுவில் 18 காட்டியது, மேலே 13தான்.

அதோடு நட்டம் எத்தனை ரூபாய் என்றும் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். பழைய முதலாளியின் கணக்கை வெளியே சொன்னது சரியா என்று மனம் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற முகாமையாளர், அம்பாறை:
நானாக இருந்தால் மூடைக் கணக்கோடு நிறுத்தியிருப்பேன்.

அக்கரைப்பற்று அக்கா:
நான் ரூபாயையும் சொல்லியிருப்பேன். கேட்டதை மறைத்தால் பிறகு எதை நம்புவார்கள்? முடிவு வந்ததா தம்பி?

களுவாஞ்சிகுடித் தம்பி:
இன்னும் இல்லை, அக்கா. புதன்கிழமை அழைப்பதாகச் சொன்னார்கள்.