ஆடிச் சலுகையில் அச்சடித்த ஆவணி அழைப்பிதழ்

பள்ளத்தூர், மணமகளின் தாயார்:
ஆவணி முகூர்த்தத்துக்காகக் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் ஆடி முதல் வாரமே 600 அழைப்பிதழ்களுக்கு முன்பணம் கொடுத்தோம். ஆடிக்குள் பதிவு செய்தால் வடிவமைப்புக் கட்டணம் இல்லை, மூன்று முறை புரூஃப் தருகிறோம் என்றார்கள். முதலாவது வாசகம் மட்டும். அடுத்தது வண்ணத்தோடு கைப்பேசிக்கு வரும் படம். மூன்றாவது நாம் தேர்ந்த அட்டையிலேயே எடுத்துத் தரும் ஒரு பிரதி. முதலிரண்டையும் வரிக்கு வரி படித்தேன். பிறகு முகூர்த்த நேரம் மாறியதால் அந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினேன். மூன்றாவது புரூஃபில் நேரத்தை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். அதே பத்தியில், திருமணம் நடக்கும் வீட்டின் விலாசமான முன்னெழுத்துகளிலிருந்த "மெ." கொம்பு விழுந்து "ம." என்று நின்றது. எங்கள் பக்கம் விலாசத்தைக் கொண்டுதான் வீட்டை அறிவார்கள் என்பதால், மனம் கேட்காமல் மறுபடி அச்சடித்தோம்.

தேவகோட்டை, அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவர்:
கைப்பேசியில் வருவது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்றும் பழைய எழுத்துருவே புழங்குகிறது. மாற்றி ஒட்டும்போது முதலில் சிக்குவது கொம்பும் "ஸ்ரீ"யும்தான். ஒரு சொல் திருந்தினாலும் ஒட்டிய பத்தி முழுவதையும் படிக்க வேண்டும்.

காரைக்குடி, மணமகனின் சித்தப்பா:
அட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. நாங்கள் 350 ஜி.எஸ்.எம். முத்துப்பளபளப்பு அட்டையே எடுத்தோம்.

தேவகோட்டை:
ஒற்றை அட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. மடிக்கும் அழைப்பிதழில், மடிப்புக்கோடு காகித இழை ஓடும் திசையிலேயே அமையாவிட்டால், தடித்த அட்டைதான் முதலில் வெடித்து உள்வெள்ளை தெரியும். முத்துப்பளபளப்பு அட்டை மையை உறிஞ்சாது; முழுதாகக் காயுமுன் அடுக்கினால் மேல் அட்டையின் முதுகில் மை ஒட்டிவிடும். ஆகவே ஆஃப்செட்டில் ஒரு நாளாவது கூடுதலாக விட வேண்டும். மூலைகளில் தடவும் மஞ்சளும் அதில் பிடிக்காமல் உதிரும். பூச்சில்லாத அட்டையில் நன்றாகப் பிடிக்கும். வாசகம் முடிவான பிறகு அச்சு, உலர்த்தல், தங்கத்தாள் பதிப்பு, மடிப்பு எல்லாவற்றுக்கும் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசி ஆயத்த அட்டையில் பெயர் மட்டும் ஸ்க்ரீன் அச்சாக அடிப்பதென்றால் மூன்று நாள் போதும்.

கோனாபட்டு, மணிவிழா வீட்டார்:
எங்கள் அப்பச்சியின் மணிவிழாவுக்கு 150 போதும். சலுகையில் 300-க்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்கிறார்களே?

தேவகோட்டை:
ஆஃப்செட் தகட்டுச் செலவு 150-க்கும் 600-க்கும் ஒன்றுதான். அதனால் அப்படிச் சொல்வார்கள். 150-க்கு டிஜிட்டல் அச்சைக் கேளுங்கள்.

பள்ளத்தூர்:
மூன்றாவது புரூஃபை விட்டுவிட்டால் இரண்டு நாள் முன்னதாகத் தருகிறோம் என்றும் எங்களிடம் சொன்னார்கள். அப்படி வாங்கியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

காரைக்குடி:
நாங்கள் விட்டுவிட்டோம், பிழை வரவில்லை. ஆனால் படத்தில் கண்ட அரக்குச் சிவப்பு, அட்டையில் கருஞ்சிவப்பாகவே வந்தது.